பதினெட்டாவது பிரேம்

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்குக் கட்டைவிரல் அக்கா. மற்றவர்களுக்கு வெறும் கட்டைவிரல். "கட்டைவிரல் பாத்தாச்சா?" என்று எங்கள் மேலாளர் கேட்பார். பார்த்தாச்சு என்றால் வேலை முடிந்தது, பார்க்கவில்லை என்றால் வீட்டுக்குப் போக முடியாது. அவ்வளவுதான் எங்கள் சட்டம்.

வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் இப்படி எகிறுகிறேன் என்று உங்களுக்குப் புரியாது. நாங்கள் செல்போன் ஆப்கள் செய்கிறவர்கள். திரையில் ஒரு பொருள் விழுந்து மோதும்போது போனுக்குள் இருக்கும் சின்ன மோட்டார் சுழன்று உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டும். கண் பார்த்த மோதலும் கை உணர்ந்த தட்டும் ஒன்றாக வந்தால், அந்தப் பொருள் நிஜமாகவே விழுந்தது போலிருக்கும். கொஞ்சம் பிசகினாலும் படம் ஒரு பக்கம், அதிர்வு ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். படம் வரைகிறவன் நான். தட்டு எப்போது வர வேண்டும் என்று முடிவு செய்கிறவர் அக்கா. நாலு வருடமாக நாங்கள் இருவரும் எலியும் பூனையும்தான்.

அவர் படித்து வந்தவர் இல்லை. பன்னிரண்டு வருடம் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, ஊசி மாதிரி ஸ்க்ரூட்ரைவரைப் பிடித்துக்கொண்டு மோட்டார் மாற்றியவர். போனைக் கையில் வாங்கியதுமே "இதுல மோட்டார் லூசா இருக்கு" என்று திறக்காமலே சொல்வாராம். எங்கள் மேலாளர் ஒருநாள் உடைந்த திரையை மாற்ற அந்தக் கடைக்குப் போயிருக்கிறார். திரையை மாற்றிக் கொடுத்த அக்கா, சோதிப்பதற்காக எங்கள் ஆப் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், இந்த ஆப் செஞ்சவன் யாருன்னு தெரியல. திரையில பூட்டு விழுந்து முடிஞ்சப்புறம் சாவகாசமா அதிருது" என்றாராம். செய்தவரே எதிரில் நிற்பது அவருக்குத் தெரியாது. மேலாளர் வந்து அளந்து பார்த்தார். எண்பது மில்லி செகண்ட் தாமதம். அடுத்த மாதம் அக்கா எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார்.

மேலாளருக்கும் பட்டப்பெயர் உண்டு, கடிகாரம். பேசும்போது பாதிப் பேச்சு மணிக்கட்டைப் பார்த்துத்தான்.

வந்த புதிதில் அக்கா என்னிடம் சொன்ன முதல் வார்த்தையே, "ஏம்ப்பா, நீ வரைஞ்ச பந்து எங்கயுமே மோதலையே." எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் பாவி மனுஷி சொன்னது சரி. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று, தரையைத் தொடும் முன்பே பந்தின் வேகத்தைக் குறைத்திருந்தேன். அது மோதவில்லை, பூப்போல வந்து உட்கார்ந்தது. மெதுவாக உட்காருகிற பொருளுக்கு எந்த இடத்தில் தட்டுவது? அன்றிலிருந்து, விழுவது எதுவானாலும் கடைசிவரை வேகம் கூடிக்கொண்டே வரும்படி வரைவேன். தொடுகிற அந்த ஒரு பிரேமில் பொருளைக் கொஞ்சம் சப்பையாக்குவேன். அதுதான் மோதல் பிரேம். ஒரு செகண்டுக்கு அறுபது பிரேம், அதாவது அறுபது தனித்தனிப் படம், அதில் அந்த ஒன்றுதான் அக்காவுக்கு வேண்டும்.

இந்த வருடம் ஒரு பார்சல் கம்பெனி வேலை வந்தது. பார்சலை வீட்டில் கொடுத்ததும் டெலிவரி ஆள் திரையைக் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ள வேண்டும். உடனே ஒரு முத்திரை மேலிருந்து இறங்கி, ரசீதின் மேல் 'டம்' என்று விழும். டெலிவரி ஆட்கள் பெரும்பாலும் திரையைப் பார்க்க மாட்டார்கள். ஒரு கண் மாடிப்படியில், ஒரு கண் வண்டியில். அதனால் கைக்கு வருகிற தட்டுதான் முக்கியம். முத்திரை இறங்கப் பதினெட்டு பிரேம், அதாவது முந்நூறு மில்லி செகண்ட். பதினெட்டாவது பிரேமில் மோதல்.

கம்பெனி தங்கள் ஆட்களுக்குக் கொடுத்திருந்ததோ மலிவு விலை போன். அதில் ஒரு பக்கம் கனமான சின்ன உலோகத் துண்டைச் சுற்றும் மோட்டார். இந்த மோட்டாருக்கு 'ஓடு' என்றதும் ஓடத் தெரியாது. மெல்லச் சுற்ற ஆரம்பித்து, கைக்குத் தெரியும் அளவுக்கு வரவே நாற்பது மில்லி செகண்ட் ஆகும். முழு வேகம் பிடிக்க நூறு ஆகும். ஆகவே பதினெட்டாவது பிரேமில் தட்டு வேண்டுமென்றால் அதற்கு முன்பே மோட்டாரைக் கிளப்பிவிட வேண்டும். எவ்வளவு முன்பே என்பதுதான் கேள்வி, அதற்குப் பதில் அக்காவின் விரல்.

அக்கா முதலில் மூன்று பிரேம் முன்பே கிளப்பினார். நாற்பது டெலிவரி ஆட்களிடம் ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். "ஏதோ சரியில்ல" என்று சிலர் சொன்னார்கள். அக்கா போனைக் கையில் எடுத்து நாலைந்து முறை தள்ளிப் பார்த்துவிட்டு, "லேட்டா வருது" என்றார். நாலு பிரேம் ஆக்கினார். அடுத்த வாரம் புகார் கூடியது. "இன்னும் லேட்டுதான்" என்று ஆறு ஆக்கினார். அதன் பிறகு வந்த புகாரைப் படித்து எனக்கே தூக்கம் போனது. முத்திரை விழுவதற்கு முன் வேறு ஏதோ மெசேஜ் வந்த மாதிரி போன் அதிர்கிறதாம். பதிவாகவில்லையோ என்று திரும்பத் திரும்பத் தள்ளுகிறார்களாம். ஒரே பார்சலை மூன்று முறை கொடுத்ததாகப் பதிவாகிறதாம்.

பார்சல் கம்பெனி சார்பில் எங்களோடு பேசும் அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை காலை வந்து பார்ப்பார். சரியாக இருந்தால் சரி, இல்லாவிட்டால் அதிர்வே வேண்டாம், எடுத்துவிடுங்கள். அதிர்வு வேண்டாமென்றால் அக்காவும் வேண்டாம் என்று அர்த்தம். அவரை அந்த ஒரு வேலைக்காகத்தான் வருடா வருடம் ஒப்பந்தம் எழுதி நீட்டித்துக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை கடிகாரம் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"என்னதான் பிரச்சனை?"

அக்கா என்னைக் கை காட்டினார். "இவன் முத்திரைதான். மறுபடியும் மெதுவா வந்து உக்காருது. மோதுறதே தெரியல. அப்புறம் நான் எங்க தட்டுறது?"

"அக்கா, மூணு தடவ மாத்தி வரைஞ்சாச்சு. இதுக்கு மேல வேகமா விழுந்தா போனே உடைஞ்சிடும்."

"முன்னாடியும் இப்படித்தான் சொன்ன. அந்தப் பந்து ஞாபகம் இருக்கா?"

கடிகாரம் மணிக்கட்டைப் பார்த்தார். "கட்டைவிரல் சொன்னா சரியாத்தான் இருக்கும். நீ இன்னொரு தடவ வரைஞ்சு பாரு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இடத்துக்கு வந்து உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தேன். மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்து, ஜன்னல் பக்கம் போய்ப் பார்க்கிங்கில் நின்ற வண்டிகளை எண்ணினேன். நாலு வருடத்துக்கு முந்தின ஒரு பந்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனை எத்தனை நாள் அடிப்பது? என் முத்திரை சரி என்று நிரூபிக்காமல் அன்று சோறு இறங்காது என்று ஆகிவிட்டது.

அப்போதுதான் அந்த விளக்குப் பெட்டி நினைவுக்கு வந்தது. அக்கா சேர்ந்த வருடம் செய்தது. போனின் முதுகில் ஒரு சென்சாரை ஒட்ட வேண்டும். போன் அதிர்ந்ததும் கம்பி வழியாக ஒரு குட்டி விளக்கு எரியும். விளக்கும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி, செகண்டுக்கு இருநூற்று நாற்பது படம் பிடிக்கும் கேமராவை மேலே வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தால், எந்தப் படத்தில் மோதல், எந்தப் படத்தில் விளக்கு என்று சுத்தமாகத் தெரிந்துவிடும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நாலு மில்லி செகண்ட். எவ்வளவு அதிர்ந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பதை ஒரு திருகால் வைக்கலாம். அதை வைத்ததும் அக்காதான். போனைக் கையில் பிடித்து, "இப்ப தெரியுது, இப்ப தெரியல" என்று சொல்லிச் சொல்லித் தன் விரலுக்கு எட்டும் அளவில் திருகை நிறுத்தி, மேலே பசையும் பூசிவிட்டார். அதன் பிறகு பெட்டியை யாரும் தொடவில்லை. விரலே இருக்கும்போது விளக்கு எதற்கு?

அலமாரியின் அடித்தட்டில், பழைய சார்ஜர்களுக்குக் கீழே கிடந்தது. புதன்கிழமை காலை எல்லாரும் வருவதற்கு முன் வந்து பொருத்தினேன். இருபது முறை தள்ளிப் பதிவு செய்தேன். ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். விளக்கு எரிந்துவிட்டது, முத்திரை இன்னும் அந்தரத்தில் இருக்கிறது. இன்னும் நகர்த்தினேன், இன்னும் அந்தரத்தில்தான். பதினைந்து படம் கழித்துத்தான் என் முத்திரை ரசீதைத் தொட்டது. அறுபது மில்லி செகண்ட் முன்கூட்டியே தட்டியிருக்கிறது. லேட் இல்லை, அவசரம். என் பதினெட்டாவது பிரேமில் ஒரு குறையும் இல்லை.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

அக்கா வந்ததும் பையைக்கூட வைக்க விடவில்லை. "வாங்க, வாங்க. நீங்க வெச்ச விளக்கு என்ன சொல்லுதுன்னு பாருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் வழக்கம்போல வலது கையை இரண்டு உதறு உதறிவிட்டு உட்கார்ந்தார். அந்த உதறலை நாங்கள் அவருடைய பழக்கம் என்றே நினைத்திருந்தோம். நான் கால் ஆட்டுவது மாதிரி.

அக்கா ஒவ்வொரு படமாகப் பார்த்தார். முதலிலிருந்து இன்னொரு முறை பார்த்தார். பிறகு திருகின் மேலிருந்த பசையை நகத்தால் தடவிப் பார்த்தார், யாராவது பெயர்த்திருக்கிறார்களா என்று. பெயர்க்கவில்லை. போனைக் கையில் எடுத்துத் தள்ளினார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை. இடது கையில் மாற்றி ஒரு தடவை. மறுபடி வலது கை. மறுபடி இடது.

"இடது கையில சீக்கிரமா வருது" என்றார்.

"என்ன?"

"அதே போனு. அதே முத்திரை. இடது கையில முன்னாடி வருது, வலது கையில பின்னாடி வருது."

நான் சிரித்தேன். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்புறம் அவராகவே சொன்னார், என்னிடம் சொல்கிறாரா, தனக்கே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியாத குரலில். ஆறேழு மாதமாக வலது கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் மரத்துப் போகிறதாம். காலையில் எழுந்தால் கை எறும்பு ஊர்கிற மாதிரி இருக்குமாம். பைக்குள் கைவிட்டால் சாவி எது, சில்லறை எது என்று தெரியாதாம். மகளுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட நேரம் ஆகிறது என்று, "நீயே போட்டுக்கோ, பெரிய பொண்ணாயிட்ட" என்று சொல்லிச் சமாளித்தாராம். அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு மட்டும் சந்தேகம். டாக்டரிடம் இழுத்துப் போயிருக்கிறார். மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டு கிடக்கிறது, கீறி விட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்க்ரூட்ரைவர் பிடித்த பன்னிரண்டு வருடம் வேலையைக் காட்டியிருக்கிறது.

"ஏங்கா சொல்லல?"

"யாருகிட்ட சொல்றது? கட்டைவிரல்னு கூப்பிடுறீங்க. கட்டைவிரல் மரத்துப் போச்சுன்னு சொன்னா அப்புறம் என்னன்னு கூப்பிடுவீங்க?"

இப்போது கணக்கு எனக்கும் புரிந்தது. மோட்டார் மெல்லத்தான் வேகம் பிடிக்கும். மற்றவர்கள் கை நாற்பதிலேயே உணர்ந்துவிடும். அக்காவின் விரலுக்கு அது முழு வேகம் பிடித்த பிறகுதான், நூறில்தான் எட்டுகிறது. அதனால் எல்லாமே லேட் என்று பட்டிருக்கிறது. லேட் என்று முன்னே தள்ளித் தள்ளி, ஊரார் கைக்கு அறுபது முன்னால் போய்விட்டது. விளக்கின் திருகில் இருந்தது அவருடைய நாலு வருடத்துக்கு முந்தின விரல். அது பொய் சொல்லவில்லை.

நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்த மாதிரி ஒரு எழவும் இல்லை. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன், குடிக்காமலே திரும்பி வந்தேன்.

"கடிகாரத்துகிட்ட சொல்லப் போறியா?" என்றார் அக்கா.

"நான் ஏன் சொல்றேன்? நாற்பதுன்னு மாத்திடுவோம். விளக்க வெச்சு சரி பண்ணிடுவோம். நீங்க பாட்டுக்கு நாளைக்கு 'சரி'ன்னு சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

அவர் நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துக்கொண்டார். வேலையில் இறங்கிவிட்டார். பிரேம் கணக்கை முதலில் நீக்கினார். போன் திணறினால் பிரேம் தவறும், அப்போது எண்ணிக்கை நம்மை ஏமாற்றும், நேரமாகவே வைப்போம் என்று, மோதலுக்கு நாற்பது மில்லி செகண்ட் முன்பு என்று மாற்றச் சொன்னார். மாற்றியதும் விளக்கை வைத்துப் பார்த்தோம். முத்திரை சப்பையாகும் அதே படத்தில் விளக்கு. பத்து போனில் பார்த்தோம். எல்லாவற்றிலும் ஒரு படம் முன்னே, அல்லது ஒரு படம் பின்னே, அவ்வளவுதான். நான் கையில் எடுத்துத் தள்ளியபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. நான் வரைந்த முத்திரைக்கு எடை இருந்தது. அக்கா வாங்கித் தள்ளிப் பார்த்து, கையை உதறிக்கொண்டு கீழே வைத்தார்.

"எப்படிக்கா இருக்கு?"

"கேக்காத."

வியாழக்கிழமை காலை பார்சல் கம்பெனி அம்மா வந்தார். கூடவே டெலிவரி ஆள் ஒருவரையும் அழைத்து வந்திருந்தார். தாடி வைத்த, வாட்டசாட்டமான மனிதர். வேலைக்கு நடுவில் கூப்பிட்டுவிட்டார்கள் போல, ஹெல்மெட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கடிகாரம் ஏதேதோ விளக்கினார். நான் மேசைக்கு அடியில் கால் ஆட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் கடிகாரம் பெருமையாகச் சொன்னார்:

"எங்க கட்டைவிரல் ஒரு தடவ பாத்துச் சொல்லிட்டாங்கன்னா நீங்க கண்ண மூடிட்டு எடுத்துக்கலாம். நீங்க சொல்லுங்க, சரியா இருக்கா?"

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். போன் அவர் கையில் இருந்தது. 'சரி'ன்னு சொல்லுங்கக்கா, சொல்லித் தொலைங்க என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அவர் தள்ளினார். முத்திரை விழுந்தது. இன்னொரு தடவை தள்ளினார்.

"எனக்குத் தெரியல சார்" என்றார்.

கடிகாரம் முதல்முறையாக மணிக்கட்டைப் பார்க்க மறந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"என் கை மரத்துப் போச்சு. ஆறு மாசமாவே இப்படித்தான். நான் லேட்டு லேட்டுன்னு முன்னாடி தள்ளினதாலதான் உங்க ஆளுங்களுக்கு அவ்வளவு கஷ்டம். வரைஞ்சவன் மேல தப்பில்ல. நேத்து சென்சார் வெச்சு அளந்து மாத்திட்டோம். இப்ப சரியாத்தான் இருக்கணும். ஆனா என் கைய நம்பாதீங்க. அண்ணே, நீங்க வாங்க."

டெலிவரிக்காரர் ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு வந்தார். போனை வாங்கினார். திரையைப் பார்க்கவில்லை, பழக்க தோஷம், கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே தள்ளினார். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டு ஒரு தடவை.

"ஆங்" என்றார். "விழுந்துடுச்சு."

அதிர்ந்தது என்று சொல்லவில்லை. விழுந்தது என்றார்.

கம்பெனி அம்மாவும் வாங்கித் தள்ளிப் பார்த்தார். "இப்ப நல்லா இருக்கே" என்றார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். சோதித்துச் சரி என்று சொன்னவர் யார் என்று ஒரு கையெழுத்து வேண்டுமாம். வழக்கமாக அங்கே அக்காதான் போடுவார். கடிகாரம் தாளை வாங்கி, ஒரு கணம் அக்காவைப் பார்த்து, மெல்ல என் பக்கம் நகர்த்தினார்.

நான் பேனாவைத் தொடவில்லை. என் பதினெட்டாவது பிரேமுக்காக நான் ஆடிய ஆட்டத்தை நினைத்துக் கூனிக் குறுகிப் போயிருந்தேன். தாள் மேசையில் கிடந்தது.

அக்கா எட்டித் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எழுதுவதற்கு முன் போனை இன்னொரு தடவை எடுத்துத் தள்ளினார். இந்த முறை திரையைப் பார்க்கவே இல்லை. எதிரில் நின்ற டெலிவரிக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இன்னும் லேட்டாத்தான் வருது" என்றார். "இருந்தாலும் சரியாத்தான் இருக்கு. அதனால நானே போடுறேன்."

பேனா அவர் விரலில் சரியாக நிற்கவில்லை. இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை கட்டைவிரலை இடது கையால் பேனா மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, பெயரை முழுதாக எழுதினார்.